விழுதலின் இலக்கணம்: மேட்டுப்பாளையம் மண்டி வீதியை முன்வைத்து ஓர் ஆய்வு

மனிதன் விழுந்தால் மனிதன் ஏன் சிரிக்கிறான்? இதை ஆராய மேட்டுப்பாளையத்தைவிடத் தோதான களம் கிடையாது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. வாழைத்தாரும் உருளைக்கிழங்கும் வந்திறங்கும் ஊர். ஐப்பசி மழைக்கு வழுக்கும் வீதிகள். மலை ரயில் ஏற வரும் மலையாளி, வங்காளி, வெள்ளைக்காரர். பேக்கரி வாசலில் டீயோடு நின்றால் ஆய்வு தானாக நடக்கும். உள்ளூர்க் கிண்டல் ஒன்றைச் சொன்னால் உள்ளூர்க்காரர் மட்டும் சிரிப்பார். ஒருவர் வழுக்கினாலோ மொத்த வாசலும் ஒரே நொடியில் சிரிக்கும், இடுப்பிலிருக்கும் குழந்தை உட்பட. விழுந்து விழுந்துதான் எல்லாரும் நடை பழகினோம் என்பதால் இந்த ஒரு பாடத்துக்கு உரையாசிரியர் தேவைப்படுவதில்லை.

முன்னோர் கருத்தையும் பார்த்துவிடுவோம். தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களில் எள்ளலையும் பேதைமையையும் வைத்தார், வாழைத்தோலை வைக்கவில்லை. துன்பம் வந்தால் சிரிக்கச் சொன்ன வள்ளுவர், யாருக்கு வந்த துன்பம் என்று தெளிவுபடுத்தாமல் விட்டார். அந்த இடைவெளியில்தான் நம் திரைப்பட நகைச்சுவை முழுவதும் குடியிருக்கிறது.

வாழைத்தோல் விஷயத்தில் குறையைத் தீர்த்தவர்கள் ஜப்பானியர். தோலின் உட்புறம் தரையில் படும்படி வைத்து மிதித்தால் உராய்வுக் கெழு சுமார் 0.07தான் என்று மபூச்சி என்பவரின் குழு அளந்து காட்டியது. மிதிபட்டதும் தோலுக்குள் இருக்கும் கூழ் நசுங்கி எண்ணெய்போல் பரவுவதே காரணம். 2014இல் இதற்கு ‘இக் நோபல்’ பரிசு கிடைத்தது. காய்ந்த தோல் வழுக்காது என்பதும் இதிலிருந்தே பெறப்படும். ஆனால் ஜப்பானியர் விழுவதை அளந்தார்களே ஒழியச் சிரிப்பை அளக்கவில்லை. வாழைத்தோல் ஆளைத்தான் தள்ளும். சிரிப்பை வரவழைக்கும் வேலை வேறு இடத்தில் நடக்கிறது.

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் என்றால் விழுதலுக்கு மூன்று. முதலாவது நடைப் பருவம். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, காதில் செல்பேசி, “நான் சொன்னா நடக்குமுங்க” என்ற குரல். இவர் விழுந்தால்தான் சிரிப்பு. பாக்கு மூட்டை சுமப்பவர் அதே இடத்தில் சறுக்கினால் ஒருவரும் சிரிப்பதில்லை; நாலு பேர் ஓடிப்போய் மூட்டையைத் தாங்குவார்கள். அவர் காலோடு அன்றைய கூலியும் சறுக்குகிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியும்.

இரண்டாவது தடுமாற்றப் பருவம். கலை முழுவதும் இங்கேதான். முன்வைத்த குதிகால் முன்னே ஓட, உடல் பின்னே தங்கிவிடும். இரண்டு கையும் காற்றாடியாகச் சுற்றும். கௌரவம் கடைசிவரை போராடும். நிஜத்தில் இது ஒரு நொடிகூட நீடிக்காது, நடிகர்தான் அதை இழுத்துத் தர வேண்டும். தாராபுரத்துக்காரரான நாகேஷின் ஒல்லி உடம்பு இந்தப் பருவத்துக்கென்றே வார்த்தது. விழப்போகிறார், விழப்போகிறார் என்று நம்மை நுனியில் உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்துவிடுவார், விழாததற்கும் சிரித்தோம். இதைக் காட்டத் தலை முதல் பாதம் வரை சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். சாப்ளினும் கீட்டனும் கேமராவைத் தள்ளியே வைத்தார்கள். முகத்தை மட்டும் நெருங்கிக் காட்டினால் வலிதான் தெரியும், சிரிப்பு செத்துவிடும்.

சொதப்பலைக் கண்டுபிடிப்பதும் எளிது. தோல் கிடப்பது தெரிந்த நடிகர், அதை மிதிப்பதற்கு முந்தைய அடியைச் சுருக்கிவிடுவார். ரசிகருக்குக் காரணம் தெரியாது, ஆனாலும் சிரிப்பு வராது. அதனால் கண் வேறெங்கோ இருக்க, கால் மட்டும் போய் மிதிக்கும்படி பழகுவார்கள். விழும்போது மோவாயை நெஞ்சோடு சேர்த்து, மூச்சை விட்டு, தொடையும் பிட்டமும் சேரும் பக்கவாட்டில் இறங்க வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும். நேராக உட்கார்ந்தால் வால் எலும்பு.

மூன்றாவது எழுச்சிப் பருவம். விழுந்தவர் எழாவிட்டால் சிரிப்பு அந்த நொடியே நின்று, சோடா தேடும் படலம் தொடங்கிவிடும். எழுந்தால் அடுத்த காட்சி. முதலில் வேட்டியைச் சரிசெய்வார், பிறகு செல்பேசியைத் துடைப்பார், கடைசியாகத் திரும்பித் தரையை முறைப்பார். அடி வாங்கிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் நடக்கும் வடிவேலு இந்தப் பருவத்தை மட்டுமே வைத்து எத்தனையோ காட்சிகளைக் கட்டியெழுப்பியவர்.

களத்தில் கண்ட வேட்டிக்காரரும் இந்த வரிசையில் ஒன்றும் பிசகவில்லை. “அடி கிடி பட்டுதுங்களா?” என்று பேக்கரிக்காரர் கேட்க, “ஒண்ணுமில்லீங்க, சும்மா” என்றார், ஏதோ பிரியப்பட்டு உட்கார்ந்தவர்போல. “அந்த எடமே அப்படித்தானுங்க. காலைல இன்னொருத்தரும் விழுந்தாரு.”

இதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. ஒரு டீ சொல்லிவிட்டுப் பெஞ்சில் பதனமாக உட்கார்ந்து, “அவரு எப்படீங்க விழுந்தாரு?” என்று விசாரிக்க ஆரம்பித்தார்.