கம்பி அண்ணாச்சி

நாகர்கோவிலில் வீடு கட்டுகிற தெருவுக்கு ஒரு கம்பி அண்ணாச்சி நிச்சயம் உண்டு. வெட்டூர்ணிமடமோ பார்வதிபுரமோ, ஆள் ஒரே அச்சுதான். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றிருப்பார். மடித்துக் கட்டிய வேட்டி, காதில் பேனா, இடுப்பில் டேப். கையில் நாலரை அடி நீள எட்டு எம்.எம். கம்பி. அதில் அங்குலக் கணக்குக்குக் கோடு கிழித்திருப்பார். களத்தில் மரக்காலைத் தலைதட்டி நெல் அளந்ததைப் பார்த்து வளர்ந்தவர். குவித்து அளப்பதும் குறைத்து அளப்பதும் அவருக்கு ஒரே பாவம்.

எம்.சாண்ட் லாரி வந்து நின்றதும் டிரைவருக்கு ஒரே அவசரம், தட்டிவிட்டுப் போக வேண்டும். மணல் தரையில் விழுந்துவிட்டால் அது வெறும் குவியல். அதை எந்தப் பிரம்மனாலும் அளக்க முடியாது. அது அண்ணாச்சிக்கும் தெரியும். “மக்கா, பாடியைத் தூக்காதே” என்றபடி பின்சக்கரத்தில் கால்வைத்து ஏறிவிடுவார்.

போன மாதம் வந்த லோடைப் பாருங்கள். பில்லில் நாலு யூனிட். யூனிட் என்றால் நூறு கன அடி, ஆக 400. பாடியின் உள்ளளவு நீளம் 14 அடி, அகலம் ஏழரை அடி. பெருக்கினால் 105 சதுர அடி. நானூறு வேண்டுமென்றால் மணல் சராசரியாக மூன்று அடி பத்து அங்குலம் நிற்க வேண்டும்.

டிரைவர் கம்பியை வாங்கி நட்டநடுவில் குத்தினான். மூன்று அடி பத்து அங்குலம். “பாத்தேளா அண்ணாச்சி, கணக்கு சரியாட்டு இருக்கு!”

அண்ணாச்சி நாலு மூலையிலும் குத்தினார். இரண்டில் மூன்று அடி இரண்டு அங்குலம், இரண்டில் மூன்று அடி மூன்று. நடுவையும் சேர்த்துச் சராசரி மூன்று அடி நாலு அங்குலம். 350 கன அடி. அரை யூனிட்டைக் காணோம்.

“வழியில குலுங்கி அமுங்கிப்போச்சு அண்ணாச்சி.”

“அமுங்கினா மொத்தமா அமுங்கணும்லா. நடு மட்டும் ஏம்லே எழும்பி நிக்கு?”

டிரைவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது; குலுங்கினால் மணல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் அண்ணாச்சியிடம் வேறொரு கணக்கும் உண்டு. லேசான ஈரத்தில் மணல் உப்பிக்கொண்டு உயரத்தைக் கூட்டிக் காட்டும். எடைமேடைக்குப் போனாலோ தண்ணீரும் எடையாகி நிற்கும். ஈர மணல் இரண்டு வழியிலும் விற்பவர் பக்கம்தான். அதனால் உப்பலுக்குத் தான் எதுவும் கழிக்காதது பெருந்தன்மை என்பது அவர் கட்சி.

மணலை இறக்கவிட்டார். ஆனால் டெலிவரி சீட்டில் வெறும் கையெழுத்துப் போடவில்லை. “350 கன அடி மட்டும் பெறப்பட்டது” என்று எழுதி, ஐந்து அளவையும் குறித்து, டிரைவரிடமும் கையெழுத்து வாங்கினார். அன்று மாலையே கடிதம் போனது.

“பொருள்: எம்.சாண்ட் 50 கன அடி குறைவு, ஈடுசெய்யக் கோருதல். பார்வை: 1. தங்கள் பில். 2. எனது நேரடி அளவீடு. 3. தங்கள் ஓட்டுநரின் வாய்மொழி விளக்கம் (ஏற்கப்படவில்லை).” உள்ளே இரண்டே கோரிக்கை. ஏழு நாளுக்குள் மீதி 50 கன அடி, அல்லது யூனிட் 6,000 ரூபாய் வீதம் அரை யூனிட்டுக்கு 3,000, அதற்கான ஐந்து சதவீத வரி 150, ஆக 3,150 ரூபாய்க்கு கிரெடிட் நோட். குறைவாக வந்ததை வாங்கிக்கொண்டவர் வந்த அளவுக்கே விலை தரக் கடமைப்பட்டவர் என்கிற 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவையும் சேர்த்திருந்தார். கடிதம் ஒரு பக்கம், இணைப்பு நாலு பக்கம்.

கடைக்காரர் போன் செய்தார். “இதுக்குப் போய் கடிதாசியா அண்ணாச்சி? அடுத்த லோடுல சேத்துப் போட்டுத் தாரேன்.”

வேறு யாராக இருந்தாலும் சரியென்று வைத்திருப்பார்கள். அண்ணாச்சி கேட்டார்: “ஓய், உம்ம பாடி உயரம் நாலு அடி. தலைதட்டி நெறச்சாலும் 420 தான் கொள்ளும். 450-ஐ எங்க வைப்பீரு, டிரைவர் மடியிலயா?”

மறுமுனையில் பேச்சில்லை. அரை யூனிட்டுக்காகத் தனி வண்டி விட்டால் டீசலே லாபத்தைத் தின்றுவிடும். மூன்றாம் நாள் கிரெடிட் நோட் வந்தது. வரி 150 தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அண்ணாச்சி அதைக் கோப்பில் வைத்தார்.

வீடு கட்டுகிறவர்கள் அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டால் தாராளமாகத் தருவார். வாங்கிக்கொள்ளுங்கள், பார்வை மூன்றை மட்டும் அடித்துவிட்டு அனுப்புங்கள்.