ஆச்சியின் சொதியைத் திரியவிடாமல் எழுதுவது எப்படி?

மாப்பிள்ளைச் சொதி வைப்பது எப்படி என்று ஆச்சி திருநெல்வேலியிலிருந்து வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார். அதை எழுத்தாக்கும் பொறுப்பு உங்கள் தலையில். போனே தட்டச்சு செய்தும் கொடுத்துவிட்டது:

“ஆங், கேக்கா? மூணாம் பால் இருக்குல்லா, அதுல, என்னது, காய வேக விடு. இரு, கேஸ்காரன் வந்திருக்கான். ஆங், காயி. வெந்ததும் ரெண்டாம் பால். பொறவு முதல் பால ஊத்தி கொதிக்க விடு, இல்ல, கொதிக்க விட்ராத, நுரை கட்டினதும் எறக்கிரணும். போன தடவ ஒங்க சித்தி கொதிக்க விட்டு தெரிஞ்சு போச்சு. எலுமிச்சம்பழம் எறக்கின பொறவு, எறக்கின பொறவு பாத்துக்கோ.”

முதல் வேலையாக ஆச்சியின் தமிழைத் திருத்திவிடுங்கள். உங்களைப் படிக்க வைத்ததே அதற்குத்தானே? “முதற்பாலினைச் சேர்த்து, கொதிநிலையை எட்டும் முன்னர் இறக்குதல் வேண்டும்” என்று எழுதினால் ஆச்சி அந்த நிமிஷமே தாசில்தார் ஆகிவிடுவார்.

அந்தப் பதவி அவருக்கு வேண்டாமென்றால் கத்தரிக்கோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆங், என்னது, கேஸ்காரர் மூன்றும் போகட்டும். ‘கொதிக்க விடு, இல்ல, கொதிக்க விட்ராத’ என்பதில் பின்னால் சொன்னதுதான் செல்லும். ஆனால் ‘எறக்கின பொறவு’ இரண்டு முறை வந்தது வளவளப்பு இல்லை, அழுத்தம். ஒன்றை வெட்டினால் மிச்சத்தில் ஒரு ‘தான்’ சேர்த்து ஈடுகட்டுங்கள்.

வினைமுடிவில் கை வைக்காதீர்கள். ஆச்சி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார். அதற்காகக் காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே எழுதவும் வேண்டாம். ‘காய வேக விடு’ என்றால் கண்ணுக்கு வெயிலில் காயப்போடுவது போல இருக்கும். ‘காயை’ என்று ஐயைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், குரல் கெடாது.

போனுக்கும் காது மந்தம். சித்தி கொதிக்க விட்டதில் எதுவும் ‘தெரிஞ்சு’ போகவில்லை, பால்தான் திரிந்து போனது. இது எழுத்தைப் பார்த்தால் பிடிபடாது. ஒலியை ஒரு தரம் கேட்டாக வேண்டும்.

“மூணாம் பால்ல காயை வேக விடு. வெந்ததும் ரெண்டாம் பால். பொறவு முதல் பாலை ஊத்தி, கொதிக்க விட்ராத, நுரை கட்டினதும் எறக்கிரணும். போன தடவ ஒங்க சித்தி கொதிக்க விட்டு திரிஞ்சு போச்சு. எலுமிச்சம்பழம் எறக்கின பொறவுதான், பாத்துக்கோ.”

சித்தியை வெட்டலாமே என்று தோன்றும், அவரும் படிப்பாரே. ஆனால் ஏன் கொதிக்கக் கூடாது என்பதற்கு ஆச்சி சொன்ன ஒரே காரணம் சித்திதான். வேண்டுமானால் ‘ஒங்க சித்தி’யை ‘ஒருத்தி’ ஆக்குங்கள்.

கடைசியாக ஆச்சிக்கே வாசித்துக் காட்டுங்கள். “நான் இதத்தானல சொன்னேன், இதுல நீ என்ன எழுதின?” என்று கேட்டால் வேலை முடிந்தது. “நல்லா எழுதியிருக்கியே” என்றால் மறுபடி உட்காருங்கள்.