138 விழுக்காடு நிரம்பிய பேருந்தில் 18 காலி இருக்கைகள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவர்,
(தங்கள் 4ஆம் வழித்தடத்தில் வரும் பிள்ளை ஒருத்தியின் தாத்தா),
ஒத்தக்கடை, மதுரை.

பெறுநர்:
போக்குவரத்துப் பொறுப்பாளர் அவர்கள்,
பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் பள்ளி,
மதுரை வடக்கு.

பொருள்: வழித்தட வாரியாகக் கட்டண வசூலும் இருக்கை நிரம்பலும் – தங்கள் சாதனையைப் பாராட்டுதல் தொடர்பாக.

பார்வை: பெற்றோர் கூட்டத்தில் தாங்கள் வழங்கிய ஒரு பக்கத் தொகுப்பறிக்கை.

ஐயா,

பார்வையில் கண்ட தாளை இரண்டு கண்ணாடி மாற்றிப் போட்டுப் படித்தேன். "வழித்தடம் 4, மேலூர் சாலை: இருக்கை 42, மாணவர் 58, நிரம்பல் 138 விழுக்காடு, முதல் பருவ வசூல் 96 விழுக்காடு" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 42 இருக்கையில் 58 பிள்ளைகளை ஏற்றி, அதில் 18 இருக்கையைக் காலியாகவும் ஓட்டிக் காட்டும் வித்தை தங்கள் அலுவலகத்துக்கு மட்டுமே கைவந்தது. பாண்டியன் ரோட்வேஸ் காலத்திலிருந்து பை மாட்டிய எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

காலியிருக்கை எங்கே என்று கேட்பீர்கள். காலையில் அந்தப் பேருந்து இரண்டு நடை அடிக்கிறது. முதல் நடை மேலூரில் கிளம்பி, நரசிங்கம்பட்டி, வெள்ளரிப்பட்டி வழியாக 36 பிள்ளைகளைக் கொண்டுவந்து பள்ளியில் இறக்குகிறது. அதே வண்டி திரும்பி வந்து ஒத்தக்கடை, உத்தங்குடி, மாட்டுத்தாவணிப் பிள்ளைகள் 22 பேரை ஏற்றிக்கொண்டு போகிறது. தாங்கள் 36ஐயும் 22ஐயும் கூட்டி, 42ஆல் வகுத்துவிட்டீர்கள். பந்தி இரண்டு போட்டு, சாப்பிட்டவர்களை எல்லாம் ஒரே பந்தியின் இலைக்கணக்கில் எழுதியதுபோல ஆகிவிட்டது.

வகுத்த 42ஆவது சரியா என்றால், அதுவும் இல்லை. பதிவுச் சான்றில் இருக்கும் இருக்கை எண்ணிக்கை ஓட்டுநரையும் சேர்த்தது. ஓட்டுநர் இருக்கையில் பிள்ளையை உட்காரவைக்கும் திட்டம் தங்களுக்கு இல்லை என்று நம்பி ஒன்றைக் கழிக்கிறேன். உதவியாளர் அம்மாவுக்கு ஒன்று. மீதி 40. மேலூர் பக்கமிருந்து ஆசிரியைகள் நால்வர் முதல் நடையில் வருகிறார்கள். அவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, வாங்க வேண்டாம். ஆனால் கட்டணம் கட்டாதவருக்கு உடம்பு இல்லை என்று தங்கள் அறிக்கை நினைக்கிறது. நான்கையும் கழித்தால் 36 இருக்கை, 36 பிள்ளை. முதல் நடை சரியாக நிரம்பியிருக்கிறது. ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை. இரண்டாம் நடையில் 40 இருக்கைக்கு 22 பிள்ளைகள், 18 காலி.

இது வெறும் கணக்கு விளையாட்டு என்றால் நான் தபால்தலை செலவழித்திருக்க மாட்டேன். அந்த 138ஐ நம்பி, மேலூர் சாலைக்கு வாடகை வேன் ஒன்று அமர்த்தப்போவதாகக் கூட்டத்தில் அறிவித்தீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் ஒத்தக்கடை நிறுத்தத்துக்கு இடம் கேட்டு வந்தபோது, "ஏற்கெனவே ஓவர்லோடு" என்று திருப்பி அனுப்பினீர்கள். அவன் இப்போது அப்பாவின் இருசக்கர வண்டியில், பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து, நம் காலிப் பேருந்துக்குப் பின்னாலேயே பள்ளிக்கு வருகிறான்.

அடுத்து 7ஆம் வழித்தடம், திருப்பரங்குன்றம். "இருக்கை 42, மாணவர் 38, நிரம்பல் 90 விழுக்காடு, மேலும் 4 பேரைச் சேர்க்கலாம்" என்று பச்சை வண்ணம் தீட்டியிருக்கிறீர்கள். காலையில் உண்மைதான், 40 இருக்கையில் 38 பிள்ளைகள் சௌகரியமாக வருகிறார்கள். மாலையில் என்ன நடக்கிறது என்பதைப் பள்ளி வாசலில் நின்றால் பார்க்கலாம். விளையாட்டுப் பயிற்சிப் பிள்ளைகளுக்காக 6ஆம் வழித்தடப் பேருந்தை நிறுத்திவைத்துவிடுகிறீர்கள். அதில் போகவேண்டிய சின்னப் பிள்ளைகள் 15 பேர் 7இல் ஏற்றப்படுகிறார்கள். 38உம் 15உம் 53. பதின்மூன்று பிள்ளைகள் புத்தகப் பையோடு நின்றுகொண்டே கோரிப்பாளையம் நெரிசலைக் கடந்து பழங்காநத்தம் வரை போகிறார்கள். அந்த 15 பேரின் பெயரும் கட்டணமும் 6இல் இருப்பதால், 7இன் கணக்கில் அவர்கள் இல்லை. 6இலோ அவர்கள் உட்கார்ந்து போவதாக இருக்கிறது.

ஆக, தங்கள் தாளில் சிவப்பாக இருக்கும் வண்டியில் இடம் காலி. பச்சையாக இருக்கும் வண்டியில் பிள்ளைகள் நிற்கிறார்கள். தாளைத் தலைகீழாகப் பிடித்துப் படித்திருந்தால் நிர்வாகம் சரியான முடிவு எடுத்திருக்கும்.

2012 ஜூலையில் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து இறந்தது தங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகுதான் அதே ஆண்டில் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தித் தளம், அவசர வழி, தீயணைப்பான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். ஆனால் ஆய்வு நாளில் பேருந்து காலியாக நிற்கும். மாலை நாலரை மணிக்கு உள்ளே எத்தனை தலை என்று பார்க்கவேண்டிய கண் தங்களுடையது. அந்தக் கண்ணோ ரசீதுப் புத்தகத்தைவிட்டு நிமிரவில்லை.

ரசீது என்றதும் வசூல் நினைவுக்கு வருகிறது. 4ஆம் வழித்தடத்தில் 96 விழுக்காடு வசூல் என்றதும் கூட்டத்தில் கைதட்டினோம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். பருவத்துக்கு மேலூர் நடைப் பிள்ளைகள் 36 பேருக்குத் தலா 7,000 ரூபாய்; ஒத்தக்கடை நடைப் பிள்ளைகள் 22 பேருக்குத் தலா 4,000. மொத்தம் வரவேண்டியது 3,40,000. வந்ததாகத் தாங்கள் காட்டுவது 3,26,400. வகுத்தால் 96 வருகிறது. பாக்கி 13,600 மட்டும்.

ஆனால் அந்தத் தாளின் அடியில், எறும்பெழுத்தில் தாங்களே ஒரு குறிப்புப் போட்டிருக்கிறீர்கள்: வந்த பணத்தில் 41,400 சென்ற ஆண்டுப் பாக்கி, 35,000 ஐந்து பேர் இரண்டாம் பருவத்துக்கு முன்கூட்டியே கட்டியது. ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் போட்ட ரசீது எல்லாவற்றையும், எதற்கான பணம் என்று பாராமல், தேதியை மட்டும் வைத்துக் கூட்டியதன் பலன் இது. இரண்டையும் கழித்தால் இந்தப் பருவத்துக்கு வந்தது 2,50,000. அதாவது எழுபத்து மூன்றரை விழுக்காடு. உண்மைப் பாக்கி 13,600 அல்ல, 90,000.

இந்த முறையில் ஒரு வசதி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆண்டு வராத 90,000த்தில் பாதி அடுத்த ஆண்டு வந்தால், அது அடுத்த ஆண்டின் சாதனை ஆகிவிடும். பாக்கி வைத்தவர்கள் எந்நாளும் பாராட்டுக்குரியவர்கள். இடையில் டீசலுக்கும் டயருக்கும் பணம் இடிக்கும்போது, "செலவு கூடிவிட்டது" என்று ஒரு சுற்றறிக்கை வரும். கட்டணம் உயரும். உயர்ந்ததை யார் கட்டுவார்? ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டியவர்தான். இரண்டாம் பருவத்தில் அந்த ஐந்து பேர் மறுபடி கட்டமாட்டார்கள் என்பதால், அப்போது வசூல் திடீரென்று விழும். அதற்கும் ஒரு கூட்டம் போடுவீர்கள். நாங்கள் தேநீர் குடிக்க வருவோம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எங்கள் தொழிலில் அளப்பதற்கு வே-பில் என்று ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு ஸ்டேஜிலும் எந்த மதிப்புச் சீட்டு எந்த எண்ணில் நிற்கிறது என்று நடத்துநர் எழுதவேண்டும். செக்கர் ஏறினால் எண்ணைக் கழித்துப் பார்ப்பார். எத்தனை பேர் எங்கே ஏறி, இப்போது எத்தனை பேர் உள்ளே இருக்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். பிறகு தலையை எண்ணுவார். பணமும் ஆளும் ஒரே தாளில், ஒரே நடைக்கு, ஒத்துப்போகவேண்டும். தாங்கள் பணத்தைப் பெயர்வாரியாகவும், ஆளை வழித்தட வாரியாகவும், இருக்கையை வண்டிவாரியாகவும் வைத்துக்கொண்டு மூன்றையும் ஒன்றால் ஒன்று வகுக்கிறீர்கள். விடை வரத்தான் செய்யும். வகுத்தல் எப்போதும் விடை தரும்.

எனவே ஓய்வுபெற்றவனின் சில வேண்டுகோள்கள். வழித்தடத்துக்கு ஒரு வரி என்பதை விட்டு, நடைக்கு ஒரு வரி போடுங்கள். காலைக்குத் தனி, மாலைக்குத் தனி. இருக்கை என்ற இடத்தில் ஓட்டுநர், உதவியாளர், ஆசிரியர் போக மீதியை எழுதுங்கள். மாணவர் என்ற இடத்தில் பெயர்ப்பட்டியலை நகலெடுக்காமல், கூட்டம் மிக அதிகமாக இருக்கும் நிறுத்தத்தைத் தாண்டும்போது உள்ளே எத்தனை பேர் என்று உதவியாளர் அம்மா எண்ணிச் சொல்வதை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். சராசரியைவிட அந்த வாரத்தின் அதிகபட்சம்தான் முக்கியம், ஏனென்றால் பிள்ளை நிற்பது சராசரியில் இல்லை. வசூலை மூன்றாகப் பிரியுங்கள்: இந்தப் பருவத்துக்கு வந்தது, பழைய பாக்கி, முன்பணம். முதலாவதை மட்டும் இந்தப் பருவத்துக்கு வரவேண்டிய தொகையால் வகுங்கள். ரசீதில் பருவத்தையும் நடையையும் எழுதினால் இந்த வேலை அரை மணியில் முடியும்.

இவ்வளவும் செய்யப் பணியாள் போதாது என்றால், ஒன்றை மட்டும் நாளைக்கே செய்யுங்கள். மேலூர் வேனை ரத்துசெய்து, அந்த வாடகையில் மாலை நேரத்துக்கு 6ஆம் வழித்தடப் பிள்ளைகள் 15 பேரையும் உட்காரவைத்து அழைத்துப்போக ஒரு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். ஒத்தக்கடை நடையில் இருக்கும் 18 இடத்தில் ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுங்கள். அவன் அப்பா முதல் பருவக் கட்டணத்தை ரொக்கமாகவே வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் நடத்துநர், ஒத்தக்கடை.

நகல்: பள்ளித் தாளாளர் அவர்களுக்கு, மாலை நாலரை மணிக்கு 7ஆம் எண் பேருந்தில் ஒருமுறை ஏறிப்பார்க்கும்படி கோரிக்கையுடன். இருக்கை கிடைக்காது; நின்றுகொண்டு வரவும்.