மேசையில் வைக்கப்படாத சாவி

மாண்புமிகு சுகாதார அமைச்சர் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பதினோராம் வகுப்பு மாணவி. அமைச்சராக வந்த களைப்பென்று நினைத்தேன். கேள்வி நேரம் தொடங்கிய பிறகுதான் காரணம் விளங்கியது.

அந்தப் பள்ளியின் மாதிரி நாடாளுமன்றத்துக்கு நடுவராக வந்த மூவரில் நானும் ஒருவன். இளைஞர் நாடாளுமன்றப் போட்டி 1966-67இல் டெல்லிப் பள்ளிகளில் தொடங்கியது. அதற்கு விதை போட்டது 1962இல் பம்பாயில் கூடிய அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு. ஆமாம், கொறடாக்கள்தான். எந்தப் பக்கம் கை தூக்க வேண்டும் என்று உறுப்பினருக்குச் சொல்வதே தொழிலாகக் கொண்டவர்கள், பிள்ளைகள் விவாதிக்கக் கற்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள்! இங்கே கொறடா வேலை பார்த்தவர் சமூக அறிவியல் ஆசிரியர். கேள்வியையும் அவரே எழுதினார், பதிலையும் அவரே எழுதினார், எதிர்க்கட்சி எந்த நிமிடம் எழுந்து கூச்சலிட வேண்டும் என்பதையும் அவரே எழுதினார்.

இரங்கல் தீர்மானமும் மௌனமும் முடிந்தன. நட்சத்திரக் குறியிட்ட முதல் வினா: மாணவியர் கழிப்பறைகள் ஆறில் நான்கு பூட்டிக் கிடப்பதை அரசு அறியுமா, ஆம் எனில் காரணம் என்ன?

இந்தக் கேள்வி எப்படித் தப்பித்து உள்ளே வந்தது என்று தலைமையாசிரியர் முகம் கேட்டது. அமைச்சர் எழுந்தார். குரலில் நடுக்கமில்லை. "இப்பொருள் அரசின் தீவிர பரிசீலனையில் உள்ளது. தகவல்கள் திரட்டப்பட்டு அவையின் மேசையில் வைக்கப்படும்."

அவை நடந்த கூடத்துக்கும் அந்தக் கழிப்பறைக்கும் நாற்பது எட்டு இருக்கும். அங்கிருந்து தகவல் திரட்ட மூக்கே போதும். ஆனாலும் அந்தப் பதில் அப்பழுக்கற்ற பதில். நம் பெரியவர்கள் வாயில் இருபது வருடமாகப் புளித்துப்போன வாக்கியத்தைப் பதினாறு வயதுப் பெண் ஒரு பிசிறு இல்லாமல் சொல்லிவிட்டாள். என் கையில் இருந்த மதிப்பெண் தாளில் 'பதிலின் தரம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'பதிலின் உண்மை' என்ற கட்டம் எங்கும் இல்லை.

துணை வினாவுக்கு எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். எழுதிக் கொடுத்த தாளைப் பார்க்கவே இல்லை.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, நாங்க 420 பேர். திறந்திருக்கறது ரெண்டு. இடைவேளை பத்து நிமிஷம். ஒருத்திக்கு ரெண்டு நிமிஷம்னு வெச்சா பத்துப் பேர் போகலாம். மிச்சம் 410 பேரும் போய் முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு அமைச்சருக்குத் தெரியுமா?"

அமைச்சருக்குத் தெரியவில்லை. நான் தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். 420 பேரும் போய்வர ஏழு மணி நேரம். மணி அடித்துப் பள்ளி விடும்வரை வரிசை நிற்க வேண்டும். நாற்பது மாணவியருக்கு ஒரு கழிப்பறை என்பது அரசின் தூய்மைப் பள்ளி வழிகாட்டுதலே சொல்லும் கணக்கு. அதன்படி பதினொன்று வேண்டும். ஆறையும் திறந்தாலும் பற்றாது. இங்கே நான்குக்குப் பூட்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை 'இருக்க' வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. இருக்கிறதே! சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று அட்டவணை சொல்லவில்லை.

"அதனாலதான் நாங்க யாரும் தண்ணி குடிக்கறதில்ல. அந்த ரெண்டும் தாங்க முடியாத நாற்றம்" என்று அவள் முடித்தாள்.

சபாநாயகர் பன்னிரண்டாம் வகுப்புப் பையன். ஆசிரியரைப் பார்த்தான். ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "'நாற்றம்' என்ற சொல் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது" என்றான் பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். 2022இல் மக்களவைச் செயலகம் வெளியிட்ட தகாத சொற்களின் தொகுப்பில் வெட்கம், துரோகம், நாடகம், ஊழல் என்பவற்றுக்கு நிகரான ஆங்கிலச் சொற்களே இடம்பெற்றன. சொல்லை நீக்கிவிட்டால் பொருளும் போய்விடும் என்பது நம் முன்னோர் கண்ட மருந்து. பினாயிலைவிட மலிவு.

அடுத்து வந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவி, ஒன்பதாம் வகுப்பு, வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தாள். சுகாதாரத் துறை மானியத்தில் நூறு ரூபாய் குறைக்க வேண்டுமாம். கூடத்தில் சிரிப்பு. நூறு ரூபாயில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறாள்? அது மிச்சம் பிடிக்கும் நூறு அல்ல. ஒரு குறிப்பிட்ட குறையைச் சபையில் போட்டு உடைக்க விதி தந்திருக்கும் அடையாள வெட்டு. அது நிறைவேறிவிட்டால் அரசின் மீது சபைக்கு நம்பிக்கை இல்லை என்று பொருள். அவள் விதியைப் படித்திருந்தாள். கொறடா படித்திருக்கவில்லை.

"ஏற்போர் 'ஆம்' என்க." எதிர்க்கட்சி வரிசை முழுதும் 'ஆம்'. கூடவே ஆளுங்கட்சி வரிசையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் 'ஆம்'. அவர்களுக்குள் ஒரு குரல் சுகாதார அமைச்சருடையது. தன் மானியத்தைத் தானே வெட்டச் சொன்ன அமைச்சரை நான் எந்த அவையிலும் பார்த்ததில்லை. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பொருந்தியிருந்தால் அமைச்சர் அன்றே பதவியோடு உறுப்பினர் இடத்தையும் பறிகொடுத்திருக்கலாம். அடிவயிற்று வலிக்குக் கட்சி கிடையாது என்பதை அந்தச் சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலும்.

"மறுப்போர் 'இல்லை' என்க." பையன்களின் ஏழெட்டுக் குரல்கள், அதிலும் பாதி விளையாட்டுக்கு.

சபாநாயகர் மறுபடி ஆசிரியரைப் பார்த்தான். "இல்லை என்போரே மிகுதி" என்று அறிவித்தான்.

"டிவிஷன்!" எதிர்க்கட்சித் தலைவி எழுந்தாள். குரல் வாக்கெடுப்பின் முடிவை உறுப்பினர் ஏற்காவிட்டால் தலையெண்ணித்தான் ஆக வேண்டும். அதுவும் விதி. பையன் வாயைத் திறந்தான். தலைமையாசிரியர் வெளியே பியூனுக்குச் சைகை காட்டினார். மணி அடித்தது. அவை முடிந்தது.

மணியடித்து முடிப்பதைப் பள்ளிக்கூடத்துப் புத்தி என்று ஒதுக்காதீர்கள். மக்களவையில் அதற்குக் கில்லட்டின் என்று பெயர். 2018 மார்ச்சில் மத்திய அரசின் மானியக் கோரிக்கைகள் அனைத்தும் ஒரு நிமிட விவாதமும் இல்லாமல் அப்படித்தான் தலை துண்டாகி நிறைவேறின. பள்ளி மணியாவது பொய் சொல்லாமல் அடிக்கிறது.

நடுவர் அறையில் காபி வந்தது. ஒழுக்கத்துக்கும் கண்ணியத்துக்கும் பத்து. அதில் நாலுதான் போடலாம் என்றார் சக நடுவர். ஸ்கிரிப்டை மீறிவிட்டார்களாம். நான் பத்து போட்டேன். சராசரி பார்த்ததில் ஆறோ ஏழோ வந்தது. சிறந்த நாடாளுமன்றவாதி பரிசு சபாநாயகருக்கு. எதிர்க்கட்சித் தலைவிக்கு ஆறுதல் பரிசாகத் தண்ணீர் பாட்டில்.

ஏன் பூட்டியிருக்கிறீர்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். "தொறந்து விட்டா அசுத்தம் பண்ணிடுதுங்க சார்" என்றார். கூட்டுகிறவருக்குச் சம்பளம் ஒழுங்காக வராமல் அவர் நின்று நாலு மாதம் ஆனதைத் தலைமையாசிரியர் சொல்லவில்லை. காபி கொண்டுவந்த பியூன் சொன்னார்.

எங்களில் மூன்றாவது நடுவர் ஒரு பெண்மணி. புறப்படும் முன் கழிப்பறை எங்கே என்று கேட்டார். தலைமையாசிரியர் தன் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தார். போய்வந்த அம்மையார், உள்ளே புது சோப்பும் துவைத்த துண்டும் இருந்ததாகவும், குழாயில் தண்ணீர் நன்றாக வந்ததாகவும் சொன்னார். பியூன் போய்ப் பூட்டிவிட்டு வந்தார்.

சாவி மறுபடி ஆணிக்குப் போனது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் 'விருந்தினர்' என்று எழுதியிருந்தது.