பில்லும் படமும் ஒரே எண்ணைச் சொல்லட்டும்

கேள்வி: மாடிப்படியில் விழுந்து என் போனின் திரை நொறுங்கிவிட்டது. பில், படங்களை இணைத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

பதில்: உங்கள் வருத்தத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது; 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணுக்குத்தான் மதிப்பு. பில்லில் உள்ள அந்த எண்ணைப் பாலிசி எண்ணோடு முதல் வரியிலேயே எழுதுங்கள். போனில் உயிர் இருந்தால் *#06# அழுத்தி, விரிசலும் எண்ணும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுங்கள். ‘இது வேறு போன்’ என்று யாரும் சொல்ல முடியாது.

‘போன் பழுதாகிவிட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள். உள்கோளாறு என்று தள்ளிவிடலாம். ‘12ஆம் தேதி மாலை 6 மணிக்கு மாடிப்படியில் கைதவறி விழுந்தது, திரையின் இடது மேல்மூலை நொறுங்கியது, படம் 2’ என நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். சர்வீஸ் சென்டர் தரும் செலவு மதிப்பீட்டையும் இணையுங்கள். காப்பீட்டு நிறுவனம் ஒப்புதல் தரும்முன் திரையை மாற்றிவிடாதீர்கள்.