வில்லங்கமற்ற மாப்பிள்ளை

முப்பத்திரண்டு வயதிலும் ஒருவருக்கு மணமாகவில்லை என்பதைத் தமிழ்நாட்டில் அவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தெருவும் சுற்றமும் கல்யாண வீட்டுப் பந்திகளும் அதை ஓயாமல் அவருக்கே எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் அதே மனிதர் ஜெர்மனியில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணை மணக்க முடிவுசெய்து, நகரப் பதிவகத்தில் விண்ணப்பம் கேட்கும் நாளில், ஊரறிந்த அந்த உண்மைக்கு எழுத்துச் சான்று ஒன்றும் கையில் இல்லை என்பது தெரியவருகிறது. அந்த நாளில் பிறக்கும் மனித வகையைச் சத்தியப் பிரம்மச்சாரி எனலாம். அதாவது, தான் பிரம்மச்சாரி என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து கையெழுத்திட்டால்தான் பிரம்மச்சரியத்தை முடித்துக்கொள்ள முடியும் என்ற நிலையில் இருப்பவர்.

ஜெர்மானியச் சட்டம் அயல்நாட்டவரிடம் கேட்பது, இவர் மணம் செய்துகொள்ளத் தடையில்லை என்று அவரவர் நாட்டு அதிகாரி தரும் சான்றிதழை. அந்த வடிவில் சான்று தராத நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு, அங்குள்ள மாநில உயர்நிலை நீதிமன்றத் தலைவர் ஆவணங்களைப் பார்த்து விலக்கு அளிக்கிறார். இந்தியர்கள் இந்த இரண்டாம் வழியில் செல்கிறார்கள். அவர்கள் கொண்டுபோகும் ஆவணக் கட்டில் தவறாமல் இடம்பெறுவது மணமாகாமையைக் கூறும் பிரமாணப் பத்திரம், பேச்சுவழக்கில் அஃபிடவிட்.

ஒரு அதிகாரியே பதிவேட்டைப் புரட்டிச் சான்று தந்துவிட்டால் என்ன என்று சத்தியப் பிரம்மச்சாரி முதலில் கேட்பார். கேள்வி நியாயமானதே, ஏனெனில் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மனைக்கு முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று வாங்கிவிடலாம்; அது யாருக்கு விற்கப்பட்டது, யாரிடம் அடமானத்தில் இருந்தது என்பதெல்லாம் அதில் வந்துவிடும். திருமணத்தைப் பதிவதும் அதே அலுவலகமே, ஆனால் மனிதனுக்கு வில்லங்கச் சான்று அங்கே கிடையாது. கோவிலிலோ மண்டபத்திலோ முறைப்படி நடந்த கல்யாணம், பதிவாகாவிட்டாலும் கல்யாணமே. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009இல் வந்த பிறகும், பதியாத காரணத்தால் மட்டும் ஒரு திருமணம் செல்லாமல் போவதில்லை. ஆகவே பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் அவருக்கு மனைவி இல்லை என்று எந்த அதிகாரியும் எழுதித் தர முடியாது. வட்டாட்சியர் தரும் மணமாகாதவர் சான்றிதழும், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துச் சொன்னதை ஒட்டியே எழுதப்படுகிறது. இல்லாத ஒன்றைப் பார்த்த சாட்சி எங்கும் இல்லாததால், சம்பந்தப்பட்டவரே சத்தியம் செய்ய வேண்டியதாகிறது.

சத்தியம் பிறக்கும் இடம் பெரும்பாலும் நீதிமன்ற வாசலில் உள்ள தட்டச்சுக் கடை. அங்குள்ளவரின் கணினியில் பெயர் மாற்றம், தொலைந்த மதிப்பெண் பட்டியல், வாரிசு என்று எல்லா வகைப் பத்திரங்களும் அச்சுவார்ப்பாக இருக்கின்றன. பழையதைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுவது தொழில் மரபு. இந்த மரபின் காரணமாக, "எனக்கு இதுநாள் வரை திருமணம் ஆகவில்லை" என்ற இரண்டாம் பத்தியை அடுத்து, "மேற்படி என் கணவர் இறந்தபின்" என்று மூன்றாம் பத்தி தொடங்கும் பத்திரமும் வெளிவரக்கூடும். தவறு கண்ணில் படாமல் நோட்டரி வழக்கறிஞரின் சிவப்பு முத்திரை வரை அது போய்விட்டால், திருத்துவதைவிடப் புதிய தாள் வாங்குவதே எளிது. நோட்டரி சான்றளிப்பது, இன்னார் தம் முன்னிலையில் உறுதி கூறிக் கையெழுத்திட்டார் என்பதை மட்டுமே. அவர் மணமாகாதவர் என்பதை அல்ல. இதைக் கேட்டதும் சத்தியப் பிரம்மச்சாரியின் முகம், முழுத் தொகை கட்டிவிட்டு அரை டிக்கெட் வாங்கியவர் முகம் போலாகும்.

சொல்லிலும் கவனம் தேவைப்படுகிறது. மணமாகாதவர் என்பது ஒருபோதும் மணம் செய்யாதவரைக் குறிக்கும். மணமுறிவு பெற்றவர் அப்படி எழுதினால் அது பொய்ச் சத்தியம். அவர் தற்போது தமக்கு வாழ்க்கைத்துணை இல்லை என்று எழுதி, நீதிமன்றத் தீர்ப்பின் நகலை இணைக்க வேண்டும். முதல் மணத்தை மறைத்து இரண்டாவது மணம் செய்பவருக்கு, 2023ஆம் ஆண்டுப் பாரதிய நியாய சன்ஹிதா பத்தாண்டு வரை சிறை வைத்திருக்கிறது.

தமிழருக்கென்றே காத்திருக்கும் கண்ணி, தலைப்பெழுத்து. பள்ளிச் சான்றில் ச. முருகன், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் தந்தையின் பெயர் ஏறி, முருகன் சண்முகம். தந்தையோ தம் பாஸ்போர்ட்டில் சண்முகம் வேலாயுதம். தகப்பனும் மகனும் ஒரே குடும்பப்பெயரில் இருப்பார்கள் என்று நம்பி வளர்ந்த ஜெர்மானியப் பதிவாளருக்கு, முருகன் யார் வீட்டுப் பிள்ளை என்ற ஐயம் எழுகிறது. அதைத் தீர்க்க, ச. முருகனும் முருகன் சண்முகமும் ஒருவரே என்று மற்றொரு பிரமாணப் பத்திரம் தேவைப்படுகிறது. ஒரு சத்தியத்துக்கு இன்னொரு சத்தியம் ஜாமீன் நிற்கும் நிலை இது.

மகன் அயல்நாட்டில் இருப்பதால், பெற்றோரின் பிரமாணப் பத்திரமும் கேட்கப்படுவதுண்டு. உரிமையியல் விசாரணை முறைச் சட்டப்படி இத்தகைய பத்திரத்தில் அவரவர் நேரடியாக அறிந்ததையே கூறலாம் என்பது பொதுவிதி. எட்டு ஆண்டுகளாக மகன் ஞாயிறு மாலை தொலைபேசியில் சொல்வதை மட்டுமே அறிந்த தந்தை, "என் அறிவுக்கு எட்டியவரை" என்ற சொற்றொடரைக் கண்டதும் பேனாவை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மனைவியைப் பார்க்கிறார். தாயோ ஐயமின்றிக் கையெழுத்திட்டு, மகன் வெங்காயம்கூடச் சாப்பிடாதவன் என்பதையும் ஒரு பத்தியாகச் சேர்க்க முடியுமா என்று விசாரிக்கிறார். "அம்மா, கோர்ட்டுப் பேப்பர்ல அதெல்லாம் வராதும்மா" என்று தட்டச்சாளர் பணிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

பத்திரம் எழுதியதோடு ஓய்வும் இல்லை. அது கையெழுத்தான நாள் வரைக்குமான சத்தியம் என்பதால், ஆறு மாதத்துக்கு மேல் பழையதைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் மீண்டும் முத்திரைத்தாளிலிருந்து தொடங்க வேண்டும். அயல்நாட்டில் செல்லும்படி இந்திய வெளியுறவு அமைச்சகம் அப்போஸ்டில் என்ற ஒற்றை முத்திரை இடுகிறது. அதற்குரிய 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால், இவ்விரு நாடுகளுக்கிடையே அந்த முத்திரை பேசாது. அதற்கு மாற்றாக, பதிவகம் கேட்டால் ஜெர்மானியத் தூதரகம் ஆவணங்களைச் சரிபார்க்க ஏற்பாடு செய்கிறது; அதற்கு நியமிக்கப்படும் வழக்கறிஞர், சான்று தந்த அலுவலகத்துக்கும் சில வேளைகளில் ஊருக்குள்ளும் நேரில் போய் விசாரிக்கிறார்.

முத்திரைத்தாளும் சிவப்பு முத்திரையும் இரண்டு பெயர்ப் பத்திரங்களும் சுற்றி வந்த பிறகு, கேள்வி கடைசியில் எதிர்வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்கிறது. சண்முகம் மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டால், அங்கு உட்கார்ந்திருப்பவருக்குப் பதில் சொல்ல எந்தச் சட்டப்பிரிவும் தேவைப்படாது: "எப்படிங்க ஆயிருக்கும்? எங்களுக்குப் பத்திரிகை வரலையே!"