புலனத்தில் கும்பிடு போகும் திசை: பிறந்தநாள் வாழ்த்து குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம், தெலுக் இந்தான் குடும்பம் ஒன்றின் புலனக் குழு. தோட்டத்து லயத்தில் பிறந்த தாத்தா முதல் ஈப்போவில் படிக்கும் பேரன் வரை மூன்று தலைமுறை அதில் உண்டு. (1885இல் கட்டிய இவ்வூர்ச் சாய்ந்த கோபுரத்துக்கு ஈமோஜி கிடையாது, நேராக நிற்கும் தோக்கியோ கோபுரத்துக்கு உண்டு. இதற்குத் தனி ஆய்வு தேவை.)

முதலில் 🙏. 2010இல் இதைச் சேர்த்த யூனிகோட், கும்பிடு எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லவில்லை. நம் வழக்கில் அது கீழிருந்து மேலே போவது. பெரியவர் சின்னவரைக் கும்பிட்டால் சின்னவருக்கு ஆகாது என்பார்கள் பாட்டிமார். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளைக்கு 🎂🎈 போதும். சமவயதினருக்கு 🙏 அனுப்பினால் கடன் கேட்கப் போவதாக நினைப்பார்கள். 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்' என்ற சுவரொட்டி வாசகம் செய்யும் வேலையைப் பெரியவரிடத்தில் இந்தப் படம் ஒன்றே செய்துவிடும். ஆனால் பக்கத்தில் கேக் இல்லாமல் தனியே போகக்கூடாது. இரங்கலுக்கும் இதே கும்பிடுதான்.

அடுத்தது கண்ணீர்ச் சிக்கல். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலிலும் அழுகையை அதன் பக்கத்திலும் வைத்தார். ஆனாலும் தனித்தனியாகத்தான் வைத்தார். 2015இல் ஆக்ஸ்போர்டு அகராதியார் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்த 😂 இரண்டையும் கலந்துவிட்டது. சிறிய திரையில் மூக்குக் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் கண்ணீர் மட்டுமே தெரியும். தாத்தாவின் எழுபதாம் பிறந்தநாளுக்குப் பேரன் 😭❤️ என்று போட்டான். உடனே அத்தையின் அழைப்பு வந்தது.

"என்னடா தம்பி, தாத்தாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகல அத்தை. பாசம் தாங்கல, அதான்."

அதே அத்தை, மறுவாரம் ஒரு சாவுச் செய்திக்கு வரிசையாக ஐந்து 😂 போட்டார். அவர் உண்மையிலேயே அழுதுகொண்டிருந்தார்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வீட்டில் செய்யும் ஸ்டிக்கர். வாட்ஸ்அப்பில் 2018இல் ஸ்டிக்கர் வந்தபின், தாத்தாவின் படத்தை வெட்டி, சுற்றிலும் பூ வைத்து, கீழே குத்துவிளக்கு ஏற்றுவது பிள்ளைகளுக்குச் சில நிமிட வேலை. படம், பூ, விளக்கு மூன்றும் சேர்ந்தால் நாளிதழின் நினைவாஞ்சலிப் பக்கம் தயார். 'பிறந்தநாள்' என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் பயனில்லை. அஞ்சலி விளம்பரத்திலும் பிறப்புத் தேதி இருக்கிறதே. கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. எழுத்தை விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். கை தானாக நெஞ்சுக்குப் போனால் அனுப்பாதீர்கள்.

பூ இருந்தால் விளக்கை எடுத்துவிடலாம். விளக்கு இருந்தால் தாத்தாவை எடுத்துவிடலாம். மூன்றையும் வைத்தே தீருவேன் என்பவர்கள், அவர் பசியாறும் படத்தையாவது போடுங்கள்; ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருப்பவரை யாரும் காலமானவர் என்று நினைக்க மாட்டார்கள்.